தங்கச்சியின் ரேட் கார்டில் சி ஷிப்ட்

எனக்குக் கோபம் வந்தால் ஒன்று சத்தம் போடுவேன், இல்லையென்றால் கம்ப்யூட்டரில் கட்டம் போடுவேன். சத்தம் போடுவது வீட்டில். கட்டம் போடுவது ஆபீசில். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் பிளானிங்கில் இருந்தேன். எந்த லைனுக்கு எந்த ஷிப்டில் எத்தனை பேர், யாருக்கு ஓ.டி., யாருக்கு வார லீவு, சி ஷிப்ட் பார்த்தவர்களுக்கு எத்தனை நாள் நைட் அலவன்ஸ் என்று எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆளை அடைத்துப் பழகியவளுக்கு நேரத்தை அடைப்பது பெரிய காரியமில்லை என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர் எப்படிக் கரைந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நானும் என் தங்கச்சியும் பிழைக்க வந்து, சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். நான் காலையில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து கம்பெனிக்குப் போவேன். அவள் நாலு தெரு தள்ளி ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் தமிழ் எடுத்தாள். சம்பளம் என் சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வரும்போது முகத்தைப் பார்க்கணும். அன்றைக்கு எந்தப் பையன் என்ன கேட்டான், எவள் எப்படி வாசித்தாள் என்று ஒவ்வொருத்தர் குரலிலும் பேசிக் காட்டுவாள். நான் பருப்பைக் கடைந்துகொண்டே சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டிருக்கிறேன்.

பிறகு கல்யாணம் ஆகி ஜெர்மனிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை தங்கமானவர், இஞ்சினியர். ஆனால் அந்தச் சின்ன ஊரில் அவளுடைய பி.எட். செல்லாது. தமிழ் டீச்சருக்கு அங்கே என்ன வேலை? ஆறு மாதம் சும்மா இருந்தாள். அவளைச் சும்மா உட்கார வைப்பது மீனைத் திண்ணையில் உட்கார வைப்பது போலத்தான்.

அப்போதுதான் கனடாவில் இருக்கிற மதினி போன் செய்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா மகள். "என் பயலுக்கு வாரத்துல ஒருநாள் கம்ப்யூட்டர்ல தமிழ் பேசிக் குடு. ஆச்சி தாத்தாட்ட பேச மாட்டேங்கான்" என்று கேட்டார். தங்கச்சி துள்ளிக் குதித்து ஒத்துக்கொண்டாள். ஒரு பையன் ஒன்பது மாதத்தில் பதினாலு பிள்ளைகள் ஆனார்கள். டொரோண்டோவில் மதினி வீட்டிலும் அவர் சிநேகிதிகள் வீட்டிலுமாக ஆறு பிள்ளைகள், சிட்னியில் மூன்று, லண்டனில் மூன்று, சிங்கப்பூரில் இரண்டு. அத்தனையும் ஓசி. சொந்தக்காரர்களும் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்களும்தானே, காசு என்ற பேச்சை யார் எடுப்பது?

எங்கள் கம்பெனியில் காலை பத்தேகாலுக்கு டீ பெல் அடிக்கும். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் நான் டீயை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு கேன்டீன் பின்னால் இருக்கிற புங்க மரத்தடியில் நின்று தங்கச்சிக்குப் போடுவேன். அவள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அது வழக்கம். ஒருநாள்கூட அவள் எடுக்காமல் இருந்ததில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் அந்த டீ நேரத்தில்தான் அவள் அதைச் சொன்னாள்.

"அக்கா, மார்ச் மாசத்தோட கிளாஸ நிறுத்திரலாம்னு இருக்கேன்."

"ஏன்ட்டி?"

"நேத்து லண்டன் பிள்ளைங்களுக்காக ஒரு மணி நேரம் திரைய பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். வரல. கேட்டா பிறந்தநாள் விழாவுக்குப் போய்ட்டாங்களாம். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லக்கா. என்னைய டீச்சர்னு யாரும் நெனைக்கல. வீட்டுல சும்மா இருக்கவ, எப்ப கூப்பிட்டாலும் வருவானு நெனைக்காங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் நாலு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், சீரியல் பார்ப்பதை நிறுத்தப் போகிறேன் என்பது போல. இதையும் விட்டால் அவள் அந்த ஊரில் டீச்சராக இருக்கப் போவதே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"காசு வாங்குட்டி" என்றேன்.

"மதினிட்ட போயி நான் எப்படிக்கா காசு கேக்கது?"

"நீ வாய்விட்டுக் கேக்க வேண்டாம். ரேட் கார்டு கேக்கும். ஒரு வாரம் பொறு, நான் போட்டுத் தாரேன்."

டீ ஆறிப் போயிருந்தது. அதை அப்படியே மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து கம்ப்யூட்டரில் புதுசாக ஒரு ஷீட் திறந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு பேக்டரிக்கே ஷிப்ட் போட்டிருப்பேன்.

ஒரு வாரம் மதிய சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. எனக்குத் துணை டைம் ஆபீசில் வருகைக் கணக்குப் பார்க்கிற பெண். மண்ணூர்க்காரி. கம்பெனிக்குப் பக்கத்து நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம், இப்போது வீட்டில் நாலு பேரும் நாலு கம்பெனியில். பேச்சில் என்னை மாதிரி ரெண்டு பேரை விற்றுவிட்டு வந்துவிடுவாள். எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன் என்று கதை விடுகிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்தவள் ஆகையால் விதிகள் எழுதுவதில் அவளைவிட ஆளில்லை.

"லேட்டா வந்தா இன்னாக்கா போடுவ?" என்று கேட்டாள்.

"வந்த நேரத்துலேருந்து மிச்ச நேரம்தான் கிளாஸ். முடிகிற நேரம் மாறாது."

"அக்காங். வராமலே போய்ட்டா?"

"ஒருநாள் முன்னாடியே சொன்னா வேற நாள். அதுக்குள்ள சொல்லாம விட்டா அந்தக் கிளாஸ் நடந்ததாத்தான் கணக்கு."

"அப்டி போடு. முன்னாலயே துட்டு வாங்கிக்கோ. பின்னால வாங்கிக்கினு இருந்தா ஒருத்தனும் குடுக்க மாட்டான்."

இப்படித்தான் கார்டு உருவானது. பெரியவர்களுக்குத் தனிக் கிளாஸ் ஐம்பது நிமிஷம், பதினாலு யூரோ. சின்னப் பிள்ளைகளுக்கு அரை மணி, ஒன்பது யூரோ. அதற்கு மேல் அவர்கள் உட்கார மாட்டார்கள் என்று தங்கச்சி சொன்னாள். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி சேர்ந்து உட்கார்ந்தால் இருவருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. முதல் இருபது நிமிஷம் பழகிப் பார்க்க இலவசம். பத்துக் கிளாசுக்கு மொத்தமாகக் கட்டினால் ஒன்பதுக்குத்தான் காசு, ஆனால் மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஏன் யூரோ என்றால் அவளுக்குக் கடையில் காய் வாங்குவது யூரோவில். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் அவள் தலையில் விழக்கூடாது. மாப்பிள்ளை அந்த ஊர் வரி ஆபீசில் அவள் பெயரைத் தனித்தொழில் என்று பதிந்து எண் வாங்கிக் கொடுத்தார். அந்த எண்ணை அவள் எனக்குப் படித்துக் காட்டியபோது பத்தாம் வகுப்பு மார்க்கைப் படிப்பது போலப் படித்தாள்.

கடைசியாக நேரம். அதுதான் என் சொந்தச் சமையல். நாலு தேசம், நாலு கடிகாரம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு நேரம் வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் தமிழர்கள் ஊருக்குப் போன் போடுவதற்காக இந்திய நேரத்தை மனசுக்குள் வைத்திருப்பார்கள், ஆகவே இந்திய நேரம்தான் பொது நேரம் என்று முடிவு செய்தேன். எவ்வளவு புத்திசாலித்தனம்! கிளாஸ் நேரங்களையெல்லாம் இந்திய நேரத்துக்கு மாற்றி, பக்கத்தில் ஏ, பி, சி என்று ஷிப்ட் போட்டேன். காலை ஆறிலிருந்து ரெண்டு ஏ. ரெண்டிலிருந்து பத்து பி. பத்திலிருந்து ஆறு சி. சி ஷிப்டில் வருகிற கிளாசுக்கு இருபத்தைந்து சதவீதம் கூடுதல். ராத்திரி கண் விழிக்கிறவளுக்கு அலவன்ஸ் கொடுக்காமல் விடுவது பாவம் என்பது எங்கள் தொழில் தர்மம்.

வடிவாக இருந்தது. தலைப்புக்குப் பச்சை, சி ஷிப்டுக்கு வெளிர் மஞ்சள். மண்ணூர்க்காரி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிக மாரி கீதுக்கா" என்றாள்.

தங்கச்சி ரெண்டு நாள் அதை அனுப்பாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் டீ நேரத்தில், "இப்ப அனுப்புதியா, இல்ல நானே அனுப்பட்டுமா?" என்று நான் போட்ட சத்தத்தில் புங்க மரத்துக் காக்காய் பறந்தது. அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டு, "அக்கா, பதில் வந்தா நீயே படி" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பதினாலு பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் ஒரு பதிலும் வரவில்லை. அந்த வாரம் கிளாசுக்கும் யாரும் வரவில்லை. சிட்னிப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள், அவர்களின் அப்பா மெயிலைத் திறப்பதே ஞாயிற்றுக்கிழமைதானாம். டீ நேரத்தில் கார்டுப் பேச்சை விட்டுவிட்டு வேறு பேசினோம். "குளுருதா" என்று கேட்டேன். "குளுருது" என்றாள். நல்ல காரியம் செய்யப் போய் அவள் கையில் இருந்ததையும் தட்டிவிட்டேனோ என்று பயந்தேன்.

முதல் காசு வந்தது நாங்கள் கனவிலும் நினைக்காத இடத்திலிருந்து. எங்கள் கம்பெனியிலேயே குவாலிட்டி பார்க்க வந்திருந்த ஒரு கொரியா இஞ்சினியர் இருந்தார். ரெண்டு வருஷமாக இருக்கிறார். தமிழ் பேச ஆசை. ஆனால் லைனில் யாரிடம் வாயைத் திறந்தாலும் அவர்கள் பதிலுக்குத் தங்கள் இங்கிலீஷைப் பழகிக்கொள்வார்கள். என் மேஜையில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த கார்டைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். சொன்னேன். தலைகீழாக நின்றாலும் தமிழ் காதில் விழுகிற ஒரகடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜெர்மனியில் இருக்கிற டீச்சரிடம் தமிழ் கற்கிறேன் என்றார். அன்று சாயங்காலமே பத்துக் கிளாசுக்கும் மொத்தமாகக் கட்டினார். பேரம் இல்லை, முகம் சுளிப்பு இல்லை. கேன்சல் விதியை மட்டும் ரெண்டு தடவை படித்துவிட்டு "குட்" என்றார்.

மறுநாள் தங்கச்சி, "அக்கா, பணம் வந்திருச்சி. நூத்தி இருபத்தாறு" என்று கத்தினாள். நானும் கத்தினேன். கேன்டீனில் வடை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை மதினியின் மெயில் வந்தது. தங்கச்சி அதைப் பிரிக்கப் பயந்து அப்படியே எனக்கு அனுப்பிவிட்டாள். நான் டைம் ஆபீசுக்குப் போய், மண்ணூர்க்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மதினி திட்டினால் திருப்பி என்ன எழுதுவது என்று மனசுக்குள் நாலு வரி தயாராக வைத்திருந்தேன்.

மதினி திட்டவில்லை. காசைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இதுதான் எழுதியிருந்தார்: "கார்டு பார்த்தோம். எங்கள் கிளாஸ் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. அப்போது உனக்குச் சாயங்காலம் ஆறு மணி. நான் சாம்பார் இறக்கிக்கொண்டிருப்பேன், நீ காபி குடித்துக்கொண்டிருப்பாய். இதற்கு ராத்திரிக் கூலி என்று மஞ்சள் அடித்திருக்கிறது. நாங்கள் ஆறு பேரும் கலந்து பேசினோம், ஒருவருக்கும் விளங்கவில்லை. இது யாருடைய ராத்திரி?"

நான் ரெண்டாம் தடவை படித்தேன். மண்ணூர்க்காரி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதலில் அவளுக்கும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் வருகைப் பதிவேட்டின் மேல் கவிழ்ந்து படுத்துச் சிரித்தாள்.

"யக்கா! உன் தங்கச்சி ஜெர்மன்ல கீது. நீ அதுக்கு ஒரகடத்துல நைட் ஷிப்ட் போட்டுக்கினு கீறியே!"

கனடாவில் மத்தியானம் பன்னிரண்டு என்றால் இந்தியாவில் ராத்திரி பத்தரை. பத்தரை என்றால் சி ஷிப்ட். என் கட்டத்தில் தப்பே இல்லை. எங்கள் கம்பெனியில் சைரன் ஊதியதால் ஜெர்மனியில் இருட்டிவிட்டது, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை, அவ்வளவு சிரிப்பும் வந்ததில்லை. சூப்பர்வைசர் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். மண்ணூர்க்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார், அலவன்ஸ் கணக்கு" என்றாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஷீட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இந்த முறை முதல் வரிசையில் டீச்சர் ஊர் நேரம். அதற்குப் பிறகு அந்தந்தப் பிள்ளையின் ஊர் நேரம். இந்திய நேரத்துக்கு இடமே இல்லை. டீச்சர் ஊரில் காலை ஏழுக்கு முன்னாலோ ராத்திரி ஒன்பதுக்குப் பின்னாலோ வந்தால் மட்டும் இருபத்தைந்து சதவீதம். டொரோண்டோவின் மஞ்சள் போனது. லண்டன், பகல். சிங்கப்பூர், பகல். கொரியாக்காரர் இங்கே சாயங்காலம் ஆறரைக்கு உட்காருகிறார், அவளுக்கு மத்தியானம் ரெண்டு. எல்லாம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டே சிட்னிக்கு வந்தேன்.

சிட்னியில் சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். என் பழைய கார்டில் அது காலை பத்தரை, அப்பட்டமான ஏ ஷிப்ட், கூடுதல் கிடையாது. டீச்சர் ஊர் நேரம் என்ற கட்டத்தில் கம்ப்யூட்டர் காலை ஆறு என்று காட்டியது.

ஜனவரியில், அந்தக் குளிரில், காலை ஆறு மணி. வாரத்துக்கு மூன்று நாள்.

கணக்கு தப்பு என்று நினைத்தேன். தப்பில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய்ப் போன் போட்டேன்.

"ஏட்டி, சிட்னிக்காரங்களுக்குக் காலைல ஆறு மணிக்கா எடுக்க?"

"முதல்ல எட்டு மணிக்குத்தான்க்கா இருந்துச்சி. அக்டோபர் தொடக்கத்துல அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்ன தள்ளி வச்சாங்க, ஏழு ஆச்சி. அக்டோபர் கடைசில நாங்க ஒரு மணி நேரம் பின்ன தள்ளி வச்சோம், ஆறு ஆச்சி. அவங்களுக்கு எப்பவும் அதே நாலு மணிதான். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ சொல்ல வேண்டியதுதான? இருட்டுல எந்திரிச்சி உக்காந்து கிளாஸ் எடுக்கியே!"

"அது ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "எப்படியும் நீ போன் போடுத நேரத்துக்கு எந்திரிச்சிருவேன்லா. அதுக்கப்புறம் தூக்கம் வராது. சரி, அந்த நேரத்துல கிளாஸாவது எடுப்போம்னு விட்டுட்டேன்."

பத்தேகால் டீ. வெயில் காலத்தில் அவளுக்கு அது காலை ஆறே முக்கால். ஜெர்மனி மூன்றரை மணி நேரம் பின்னால் என்று அவள் போன புதிதில் ஒருதரம் கேட்டு வைத்துக்கொண்டவள் நான், அங்கே கடிகாரத்தைத் திருப்புவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அக்டோபர் கடைசிக்குப் பிறகு அவளுக்கு அது ஐந்தே முக்கால். மூன்று மாதமாக நான் ஒவ்வொரு நாளும் என் தங்கச்சியை இருட்டில் எழுப்பி, கத்திரிக்காய் என்ன விலை என்று பேசியிருக்கிறேன். அவளும் முதல் மணியிலேயே எடுத்து, பேசியிருக்கிறாள்.

ஊரார் ராத்திரிக்கெல்லாம் மஞ்சள் அடித்தவள் நான். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், கேன்டீன் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். சிட்னிக்கு இருபத்தஞ்சு சதவீதம் போட்டாச்சு. மாத்த மாட்டேன்" என்றேன்.

இந்த முறை தங்கச்சி ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. புதுக் கார்டை எல்லாருக்கும் அனுப்பி, கீழே தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: கடிகாரம் மாற்றுகிற வாரங்களில் டீச்சர் ஊர் நேரம்தான் நிலையானது, உங்கள் ஊர் நேரம் மாறும். அந்த வரியில் நான் எழுத்துக்கூட மாற்றவில்லை.

மதினி அன்றைக்கே பதில் போட்டார். "இப்போது விளங்கியது. ஆறு பேருக்கும் பத்துக் கிளாஸ் பணம் அனுப்பியிருக்கிறோம். இத்தனை நாள் நீயாகக் கேட்பாய் என்று நானும் சும்மா இருந்தேன், தப்பு என் பேரில். பயல் டீச்சர் எங்கே என்று கேட்கிறான்." சிங்கப்பூர் ரெண்டும் வந்தன. லண்டன்காரர்கள் கோயிலில் ஓசிக் கிளாஸ் இருப்பதாகச் சொல்லி நின்றுகொண்டார்கள். போகட்டும், அங்கேயாவது சொல்லாமல் பிறந்தநாளுக்குப் போகாமல் இருக்கட்டும்.

எனக்குப் பயம் சிட்னியில்தான். அந்த வீட்டு அப்பா ஞாயிற்றுக்கிழமை மெயிலைப் பார்த்தார். பார்த்தவுடனே போனே செய்துவிட்டார். கூடுதலாகக் கேட்டதற்குச் சண்டை போடுவார் என்று தங்கச்சி பயந்துகொண்டே எடுத்திருக்கிறாள். அவர் கேட்டது: "டீச்சர், ஆறு மணிக்கா எந்திரிக்கிறீங்க? எங்களுக்கு அங்க பகல்னு நினைப்பு. சொல்லியிருக்கக் கூடாதா? நாலு மணி என்ன முகூர்த்த நேரமா? பிள்ளைங்க நீச்சலுக்குப் போய்ட்டு வந்து ஆறு மணிக்கு உக்காரட்டும்." சிட்னியில் ஆறு என்றால் அவளுக்குக் காலை எட்டு. அந்த இருபத்தைந்து சதவீதத்தை ஒரு தடவைகூட யாரும் கட்டவில்லை. கட்டாமலே அது அவளுக்கு ரெண்டு மணி நேரத் தூக்கத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது. இத்தனை வருஷம் அலவன்ஸ் போட்ட எனக்கு, அப்படியும் ஒரு வேலை அதற்கு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்ச் வந்தது, போனது. நிறுத்தப் போகிறேன் என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. கொரியாக்காரர் ஒருநாள் லைனில் நின்றிருந்த பெண்களிடம் போய், எங்கள் தங்கச்சியின் கோவில்பட்டி இழுவையோடு, "எல்லாரும் சாப்டாச்சா? என்ன கொழம்பு?" என்று கேட்டார். லைன் ஒரு நிமிஷம் நின்றது. அந்த ஒரு நிமிஷத்தை நான் பிளானில் காட்டவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், புதுக் கார்டு போன மறுவாரம் நடந்தது. தங்கச்சி எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தாள். அதே கார்டு. நான் போட்ட பச்சைத் தலைப்பு, நான் போட்ட கட்டங்கள். கடைசியில் மட்டும் அவள் கையால் ஒரு வரிசை கூட்டியிருந்தாள்:

"அக்கா — ஒரு நாளைக்கு ஒரு போன், இலவசம். டீச்சர் ஊர் நேரம் காலை எட்டுக்கு மேல். அதற்கு முன் அடித்தால் இருபத்தைந்து சதவீதம் கூடுதல். தள்ளுபடி கிடையாது."

பக்கத்தில் வெளிர் மஞ்சள் அடித்திருந்தாள்.

மதினியிடம் காசு கேட்கத் தயங்கியவள் என்னிடமே கேட்டுவிட்டாள். நான் அதை மண்ணூர்க்காரியிடம் காட்டினேன். "தேறிட்ச்சுக்கா உன் தங்கச்சி" என்றாள். பிரிண்ட் எடுத்து என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த நாள் அவளுக்குச் சிட்னிக் கிளாஸ் கிடையாது. பத்தேகாலுக்கு டீ பெல் அடித்தது. பழக்க தோஷத்தில் கை போனுக்குப் போனது. எடுத்ததைப் பைக்குள் போட்டுவிட்டு, மண்ணூர்க்காரியோடு மரத்தடியில் நின்று டீயைச் சூடாகக் குடித்தேன். கல்யாணமாகி அவள் போன பிறகு நான் ஆறாமல் குடித்த முதல் டீ அதுதான். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு பெல் அடித்ததும், அங்கே எட்டு மணி ஆகிவிட்டது என்று கணக்குப் பார்த்து, நம்பரைப் போட்டேன்.

அவள் உடனே எடுக்கவில்லை. நாலைந்து மணி அடித்தது. அப்புறம் ஒரு கொட்டாவி கேட்டது, நீளமாக, அவசரமே இல்லாமல்.

"சொல்லுக்கா" என்றாள். "இப்பத்தான் எந்திரிக்கேன்."